நிச்சயம் என்ற பக்கம்

எங்கள் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது. என் கணவர் எழுதிவைக்கிற லட்சணம் அப்படி. அவருடைய போனைத் திறந்தால் "வாட்டர் டேங்க் டீச்சர்", "வீல் சேர் பெரியவர்", "நாய் இருக்கு ஜாக்கிரதை" என்றுதான் இருக்கும். நாய் இருக்கிற வீட்டில் மனிதர் யார், அவருக்கு என்ன உடம்பு என்று கேட்டால், "போனா தெரியும்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதற்காக அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் எங்களுடையது மருந்துக்கடை. பக்கத்து ஷட்டரில் வாடகைச் சாமான்கள்: நோயாளிக் கட்டில், வீல் சேர், ஆக்ஸிஜன் சிலிண்டர். மருந்து யார் வேண்டுமானாலும் விற்கலாம், சிலிண்டர்தான் எங்களைத் தெரியவைத்தது. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்தும் வாங்குவார்கள், கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வாங்குவார்கள். இந்த ஊரில் நுரையீரல் போனவர்களுக்குப் பஞ்சமில்லை. அது எதனால் என்று டாக்டர்கள் ஒன்று சொல்வார்கள், வீட்டில் ஒன்று சொல்வார்கள். நாங்கள் சிலிண்டரைக் கொண்டுபோய் இறக்குவோம்.

இத்தனை காலமும் இது ஓடியது எங்கள் பழைய லோடு ஆட்டோக்காரரால். எந்தச் சந்தில் யாருக்கு எந்தக் கிழமை சிலிண்டர் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்துப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு ஊரே புதிது. அதனால் கணவர் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினார். அதில் பெயர்களை ஏற்றிவிட்டால் அன்றன்றைக்குப் போக வேண்டிய வீடுகள் ஆட்டோக்காரரின் போனில் தானாக வந்துவிடும். விற்க வந்த பையன் போகும்போது சொன்னது ஒன்றே ஒன்று: "ஒரு ஆளுக்கு ஒரு வரிதான் இருக்கணும் மேடம். லிஸ்ட்டை க்ளீன் பண்ணிக் குடுங்க."

க்ளீன் பண்ணுவது என் தலையில் விழுந்தது. அப்பா மைன்ஸ் வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்தவர், நான் டவுன்ஷிப் பள்ளியில் படித்தவள், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது இவர் வீட்டில் ஒரு நம்பிக்கை. எடுத்துப் பார்த்தால் மூன்று லிஸ்ட். பில் போடும் கம்ப்யூட்டரில் ஒன்று, இவருடைய போனில் ஒன்று, சிலிண்டர் போக்குவரத்துக்காக நான் எக்செல்லில் வைத்திருந்தது ஒன்று. ஒரே ஆள் மூன்றிலும் மூன்று விதமாக இருந்தார். விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் போனில், "சாட்பாட்டுகிட்ட குடும்மா, அது பண்ணிடும். ஆனா யாருக்கு என்ன நோய்னு இருக்கிற கட்டத்தை எடுத்துட்டுக் குடு" என்றாள். எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அது வேலை செய்கிற வேகத்தைப் பார்த்து முதல் நாள் வாயைப் பிளந்தேன். போன் நம்பர்களில் சிலவற்றுக்கு முன்னால் பூஜ்யம், சிலவற்றுக்கு 91, சிலவற்றுக்கு நடுவில் இடைவெளி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கியது. தமிழில் இருந்ததையும் ஆங்கிலத்தில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. இரண்டாம் நாள் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் அதன் கைவரிசை தெரிந்தது. ஊர் எழுதாத இடங்களில் எல்லாம் "நெய்வேலி" என்று தானே நிரப்பியிருந்தது. அதில் பாதிப் பேர் சேத்தியாத்தோப்புக்காரர்கள். இனிஷியல் இல்லாதவருக்கு அதே தெருவில் இருந்த இன்னொருவரின் இனிஷியலைப் போட்டிருந்தது. கேட்டதற்கு, "நீங்கள் சொல்வது சரிதான், மன்னிக்கவும்" என்றது. அந்த மன்னிக்கவும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர்கூட அத்தனை சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பெரிய கூத்து குவார்ட்டர்ஸில். ஒரே குவார்ட்டர்ஸ் நம்பரில் இரண்டு குடும்பங்கள் இருந்தால் அப்பா, மகன் என்று முடிவு கட்டி ஒன்றாக்கியிருந்தது. குவார்ட்டர்ஸ் என்பது சொந்த வீடில்லை, ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும், அடுத்த மாதமே வேறு ஒரு ஊர்க்காரர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? எங்கள் அப்பா ரிட்டயர் ஆனபோது நாங்கள் வளர்த்த முருங்கையில் அடுத்த வாரமே வேறொரு அம்மா கீரை பறித்துக்கொண்டிருந்தாள். அதை நான் அதற்குச் சொல்லிப் புரியவைத்தேன். புரிந்ததாகச் சொன்னது.

அதன்பிறகு கறாராகச் சட்டம் போட்டேன். காலியாக இருப்பதை நிரப்பாதே. எதையும் அழிக்காதே. எந்த வரியோடு எந்த வரியைச் சேர்த்தாய் என்று பக்கத்தில் எழுது. நீயாக எதையாவது அனுமானித்தால் அதையும் குறிப்புக் கட்டத்தில் எழுது. எல்லாவற்றையும் மூன்று பக்கமாகப் பிரி: நிச்சயம், சந்தேகம், வேறு ஆள். பெயர், இனிஷியல், போன் நம்பர், கதவு எண் நான்கும் அப்படியே பொருந்தினால் மட்டும் நிச்சயம். ஒன்று இடறினாலும் சந்தேகம்.

சொன்னபடி செய்தது. சந்தேகப் பக்கத்தை வைத்துக்கொண்டு கணவரும் நானும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தோம். "இது அந்தம்மாவோட மாமனார்." "இவங்க வேற, இவங்க பிளாக் மாறிட்டாங்க." ஒவ்வொரு வரிக்கும் வாக்குவாதம். நாய் வீட்டு மனிதர் யார் என்பது கடைசியில் தெரிந்தது, அவர் ஒரு ரிட்டயர்ட் ஃபோர்மேன். அந்தப் பக்கத்தை அவ்வளவு ஒழுங்காகப் பார்த்தேன். நிச்சயம் என்ற பக்கத்தில் மேலே இருந்த கொஞ்சத்தைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது, மூடிவிட்டேன். நான்கும் பொருந்திய பிறகு அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். குறிப்புக் கட்டத்தில் எழுதச் சொன்னவளே நான்தான், அதைப் படிக்கவில்லை.

லிஸ்ட் ஏறியது. புது ஆட்டோக்காரர் போனைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாகப் போய்வந்தார். கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்ல தனியா உக்காந்து செஞ்சாங்க" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் குளிராமல் இல்லை.

அந்த வாரம் ஒரு மதியம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் தெரு கூட்டுகிற பெண்கள் போடுகிற ஆரஞ்சு மேல்சட்டை, கையில் தூக்குச்சட்டி. வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். நான் உள்ளே மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் கணவரிடம் கேட்பது காதில் விழுந்தது.

"அண்ணே, செவ்வாக்கெழம சிலிண்டர் மாத்த வருவாங்க. இந்த வாரம் வரலீங்க. இருக்கறது முடியப் போவுது."

"யார் பேருக்கும்மா?"

அவள் புருஷனின் பெயரைச் சொன்னாள். குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் யார் என்றும் சொன்னாள். இவர் கம்ப்யூட்டரில் தட்டினார். ஒரே ஒரு வரி வந்தது, சிவப்பில். இவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, துக்க வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னார்.

"அவரு தவறிட்டாருன்னு வந்திருக்குதேம்மா."

அவள் இவரைத் திட்டவில்லை, மறுக்கவில்லை. "எப்பங்க?" என்று கேட்டாள்.

இவருக்கு விளங்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னாள்: "காலைல நான் கெளம்பசொல்ல கஞ்சி குடிச்சாருங்க. ஒக்காந்துகினுதான் இருந்தாரு."

சொல்லிவிட்டு ஓடினாள். தூக்குச்சட்டி எங்கள் கண்ணாடி மேசை மேலேயே இருந்தது. நான் வெளியே வந்து கூப்பிடுவதற்குள் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிவிட்டாள். வீட்டில் தனியாக விட்டுவந்த புருஷன் செத்துப்போன சேதி, தனக்கு முன்னால் கடைக்கு வந்துவிட்டது என்று அவள் நம்பிவிட்டாள்.

கணவர் சாதித்தார். "நானே போய் சிலிண்டரைத் திருப்பி எடுத்துட்டு வந்தேன். பாடிகூட அப்ப வீட்டுல இருந்திச்சு. எனக்குத் தெரியாதா?" அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் காலையில் கஞ்சி குடித்ததாக ஒரு பெண்டாட்டி சொல்கிறாள். லிஸ்ட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் அவள் குடியிருந்த லைன் வீடுகளின் சொந்தக்காரர். "நான் சேத்தியாத்தோப்புல ஒரு கல்யாணத்துல இருக்கறேன். அந்த வூட்டு ஆளு எந்த ஆளுங்க? ரெண்டு பேரு இருந்தாங்க, ஒருத்தரு போயிட்டாரு" என்றார்.

ரெண்டு பேர். கம்ப்யூட்டரில் பழைய எக்செல்லைத் திறந்தேன். ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே போன் நம்பர், ஒரே கதவு எண், இரண்டு வரிகள். சிலிண்டர் நம்பர் மட்டும் வேறு வேறு. சிலிண்டரின் கழுத்தில் அடித்திருக்கிற அந்த நம்பரை ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்து எழுதியவளே நான்தான். புதுப் பட்டியலில் அந்த வரிக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் சாட்பாட் எழுதியிருந்தது: "சிலிண்டர் எண் வேறுபடுகிறது, பழுதாகி மாற்றப்பட்டதாக அனுமானிக்கப்பட்டது. கடைசிக் குறிப்பு இறப்பு என்பதால் கணக்கு மூடப்பட்டது." என் சட்டத்தை அது மீறவே இல்லை. அனுமானித்தால் எழுது என்றேன், எழுதியிருந்தது.

ஆட்டோக்காரரை வரவழைத்து நிறைந்த சிலிண்டர் ஒன்றை ஏற்றிக்கொண்டு நானும் முன்னால் உட்கார்ந்து போனேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வரிசையாக ஒற்றை அறைகள். எல்லா அறைக்கும் சேர்த்து வாசலில் ஒரே ஒரு கதவு எண்.

அந்த மனிதர் உயிரோடு இருந்தார். பிளாஸ்டிக் முக்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. பழைய சிலிண்டரின் அளவு காட்டும் முள் அடியில் கிடந்தது. அவள் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாற்றும்வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆன பிறகு, விட்டுவிட்டுச் சொன்னார்.

"நான்... செத்துட்டேன்னு... சொன்னீங்களாமே."

"தப்பா வந்துடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க" என்றேன். சாட்பாட் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. வெட்கமாக இருந்தது.

அவர் கையைத் தூக்கிப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். "அவன் போனான். எங்க பங்காளி. நான் இருக்கறேன்."

பிறகு வாசலில் நின்ற ஒரு பெண் விவரம் சொன்னாள். இரண்டு பேரும் கம்மாபுரம் பக்கத்தில் ஒரே ஊர். ஊர் நிலமெல்லாம் மைன்ஸுக்குப் போன பிறகு இங்கே வந்து அடுத்தடுத்த அறையில் குடியிருந்தவர்கள். அந்த ஊரில் மூத்த பிள்ளைக்குக் குலதெய்வத்தின் பெயரைத்தான் வைப்பார்களாம். தெருவில் ஒருமுறை கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அப்பன்களுக்கும் அதே பெயர் என்பதால் இனிஷியலும் அதுவே. பெரியவன், சின்னவன், கறுப்பு, சிவப்பு என்று ஊருக்குள் அவர்கள் பிரித்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் ஒரே கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் நெஞ்சு போயிற்று.

போன் நம்பர் எப்படி ஒன்றானது என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். லைன் வீட்டு ஆள் என்றால் நாங்கள் அவர் நம்பரை எழுத மாட்டோம். வீட்டுச் சொந்தக்காரர் நம்பரைத்தான் எழுதுவோம். குடித்தனக்காரர் சிலிண்டரோடு காலி பண்ணிக்கொண்டு போய்விட்டால் யாரைக் கேட்பது? குவார்ட்டர்ஸ்காரர்களிடம் அப்படி நாங்கள் கேட்டதில்லை. நான்கு விவரம் பொருந்தியது என்று அந்த இயந்திரத்தைச் சொல்லி என்ன செய்ய? அதில் ஒன்றைப் பொருந்தவைத்தது எங்கள் புத்தி.

கடைக்கு வந்ததும் நிச்சயம் என்ற பக்கத்தை முதல் வரியிலிருந்து பிரித்தேன். சாட்பாட்டிடம், "சேர்த்தவற்றில் சிலிண்டர் நம்பர் வேறுபடுகிற எல்லாவற்றையும் தனியாக எடு. இறப்பு என்று முடித்ததற்குப் பிறகும் பில் இருக்கிற எல்லாவற்றையும் எடு. எதையும் முடிவு செய்யாதே" என்று கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தது. ஒன்றில் உண்மையாகவே வால்வு பழுதாகி மாற்றியிருந்தோம். இன்னொன்றில் புருஷன் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே பெண்டாட்டி இன்ஹேலர் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் அது மூடிவைத்திருந்தது. இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லியிருக்கும் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்த முறை ஆட்டோக்காரரையும் அழைத்துக்கொண்டு, சேர்த்த வரிகளில் சிலிண்டர் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் நேரில் போனோம். தப்பாகச் சேர்ந்த வரிகளைப் பிரித்தோம், லைன் வீடுகளில் அவரவர் நம்பரைக் கேட்டு எழுதினோம். எந்த அறை என்றும் எழுதினோம். "இத்தினி நாளு இல்லாம இப்ப இன்னாத்துக்கு?" என்று சிலர் கேட்டார்கள். எழுதி முடித்து அடுத்த கதவுக்குப் போனேன்.

தூக்குச்சட்டி கடையிலேயே இருந்தது. கழுவி அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து அவளே வந்தாள். கடைக்குள் ஏறவில்லை. நான் சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். மறுபடி மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன், அவள் கேட்கிற நிலையில் இல்லை. அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் என்னிடம் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது.

"அன்னிக்கு ரோட்டுல ஓடசொல்ல நான் இன்னா நெனச்சேன் தெரியுமா யக்கா? அழுதுகினுதான் ஓடனேன். ஓடசொல்லவே, சரி, இனிமே அவரு மூச்சுக்கு அல்லாட வேணாம், நானும் ராவெல்லாம் முழிச்சிகினு கெடக்க வேணாம்னு ஒரு நெனப்பு வந்துடுச்சு. அப்பாடான்னு இருந்திச்சு. வூட்டுக்குப் போனா ஒக்காந்துகினு இருக்காரு. என்னைப் பார்த்து ஏன் ஓடியாறன்னு கேக்கறாரு. அன்னீலருந்து அவரு மொகத்தைப் பாக்க முடியல யக்கா."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உருவிக்கொண்டாள். சட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒருநாள்கூட முழுசாகச் சிலிண்டர் இல்லாமல் போகவில்லை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எதற்கு இப்படி உருகுகிறாய் என்று கணவர் கேட்டார். அவருக்கு நான் இதைச் சொல்லவில்லை. ஒரு பெண் தன் புருஷனின் சாவை அவர் சாவதற்கு முன்பே ஒருமுறை அனுபவித்துவிட்டாள். அதில் தன்னைப் பற்றி எது தெரியவே கூடாதோ அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு நான் எந்தச் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போவது?

அந்த மனிதர் ஐப்பசி அடைமழையில் இறந்தார். நோய்தான் காரணம், டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்தத் தடவை சேதி ஒழுங்கான வழியில் வந்தது, அவளே அவளுடைய போனிலிருந்து அழைத்தாள். "யக்கா, இப்ப நெசமாவே போயிட்டாரு" என்றாள். அந்த "நெசமாவே" இன்னும் என் காதில் இருக்கிறது. கணவர் போய்ச் சிலிண்டரை எடுத்து வந்தார். இறந்தவர் வரியில் குறிப்பு எழுதினேன். காரியம் முடிந்து அவள் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டதால் அவளுடைய நம்பரை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்தேன். அறையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார், அறை எண்ணையும் எடுத்தேன். அந்த இடத்தில் பழையபடி வீட்டுக்காரர் நம்பர் மட்டும் மிஞ்சியது.

போன மாதம் மறுபடியும் லிஸ்ட்டைச் சரிபார்க்கக் கொடுத்தேன். இப்போது மூடிய கணக்குகளையும் சேர்த்துப் படிக்கிறேன், நிச்சயம் என்ற பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறேன். அதில் முதல் வரியே அந்தப் பங்காளிகள் இரண்டு பேரும்தான். பெயர், இனிஷியல், போன் நம்பர், கதவு எண், இறப்பு, சிலிண்டர் திரும்பியது. அது என் சட்டப்படி நான் சொல்லும்வரை சேர்க்காமல் கேட்டிருந்தது: "இந்த இரண்டு வரிகளும் ஒரே நபருடையவை. ஒன்றாக்கலாமா?"

இந்தத் தடவை அதைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அந்த இரண்டு வரிகளையும் பிரித்துக் காட்ட இப்போது இரண்டு சிலிண்டர் நம்பர்கள்தான் இருந்தன. அந்தச் சிலிண்டர்களும் வேறு வேறு வீடுகளுக்குப் போய்விட்டன.

"வேண்டாம்" என்று அடித்தேன். "இவர்கள் இரண்டு பேர்."

"நீங்கள் சொல்வது சரிதான், மன்னிக்கவும்" என்றது.